சம்பள ஃபைலில் ‘8.88801E+14’... எக்செல் விழுங்கும் வங்கிக் கணக்கு எண்கள், தடுப்பது எப்படி?

குரோம்பேட்டையில் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. சம்பளப் பட்டியலைத் தயார் செய்யும் மென்பொருளில் இருந்து ஒரு சிஎஸ்வி ஃபைல் இறங்குகிறது. ஊழியர் எண், வங்கிக் கணக்கு எண், சம்பளத் தொகை என்று அதில் மூன்றே விவரங்கள். அதை வங்கியின் இணையதளத்தில் அப்லோடு செய்தால் 40 பேருக்கும் ஒரே நேரத்தில் பணம் போய்விடும்.

அப்லோடு செய்வதற்கு முன், ஒருவருடைய தொகையில் மட்டும் சின்னத் திருத்தம் இருக்கிறது. கணக்காளர் ஃபைலை டபுள் கிளிக் செய்கிறார். எக்செல் திறக்கிறது. தொகையைத் திருத்துகிறார். சேமிக்கிறார். மூடுகிறார். இரண்டு நிமிட வேலை.

மறுநாள் காலை ஃபோன் வருகிறது. “சார், எனக்கு இன்னும் சம்பளம் வரலையே... பக்கத்து சீட்ல இருக்கிறவருக்கு வந்துடுச்சாம்.”

இது கற்பனை உதாரணம்தான். ஆனால், அந்த இரண்டு நிமிடத்தில் ஃபைலுக்குள் நடப்பது கற்பனை அல்ல. தாம்பரம் மெப்ஸ் வளாகம் முதல் பெருங்குடி, சோழிங்கநல்லூர் அலுவலகங்கள் வரை, சம்பளமோ வெண்டர் பேமென்ட்டோ எக்செல் வழியாகப் போகிற எந்த இடத்திலும் இது நடக்கலாம். எண்கள் எப்படித் தொலைகின்றன, தொலைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் கட்டம் வரை மீட்க முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கட்டம்: பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆபத்து இல்லை

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து ஃபைல். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட விவரங்கள், ஒரு வரிக்கு ஒருவர். நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

```
A001,888801000012345,45200
A002,888801000067890,38750
```

இங்கே இருப்பவை 15 இலக்கக் கணக்கு எண்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கணக்கு எண்கள் இந்த அமைப்பில்தான் இருக்கும். முதல் நான்கு இலக்கங்கள் கிளையைக் குறிக்கும். (யாருடைய கணக்காகவும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக 8888 என்று இங்கே போடப்பட்டுள்ளது.)

இந்த ஃபைலில் ‘இது கணக்கு எண்’, ‘இது தொகை’ என்று எந்தக் குறிப்பும் கிடையாது. அதனால் எக்செல் தானே ஊகிக்கிறது. இலக்கங்கள் மட்டுமே இருந்தால் அதைக் கூட்டிக் கழிக்கக்கூடிய எண் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த எண் 11 இலக்கத்தைத் தாண்டினால், சாதாரண அமைப்பில் அதை முழுசாகக் காட்டாது. 8.88801E+14 என்று சுருக்கிக் காட்டும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘அறிவியல் குறியீடு’ என்று படித்தோமே, அதேதான் இது. 8.88801-ஐ 10-இன் 14-ஆம் அடுக்கால் பெருக்கு என்று அர்த்தம். பூமிக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள தூரத்தை எழுத வசதியான முறை. கணக்கு எண்ணுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்தக் கட்டத்தில் பதற்றம் தேவையில்லை. மாறியிருப்பது தோற்றம் மட்டும்தான். அந்த செல்லை கிளிக் செய்து, மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். 888801000012345 என்று 15 இலக்கங்களும் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை மொபைலில் தொட்டுத் திறக்கும்போது E+14 என்று தெரிந்தாலும் இதே கதைதான். பார்த்ததால் ஃபைல் கெட்டுப்போகாது. எதையும் சேமிக்காமல் மூடிவிட்டால் போதும்.

இரண்டாம் கட்டம்: சேமிக்கும்போதுதான் உண்மையான இழப்பு

கணக்காளர் தொகையைத் திருத்திவிட்டு ‘சேவ்’ கொடுத்தாரே, அங்கேதான் எண் தொலைகிறது.

எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலாகச் சேமித்தால், உள்ளே இருக்கும் முழு எண்ணும் சேமிக்கப்படும். ஆனால், சிஎஸ்வி ஆகச் சேமிக்கும்போது, செல்லில் காட்டப்படும் வடிவத்தைத்தான் எக்செல் எழுதும். ஃபைலை மறுபடி நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

```
A001,8.88801E+14,45200
A002,8.88801E+14,39250
```

கவனித்தீர்களா? கணக்காளர் தொட்டது இரண்டாவது நபரின் தொகையை மட்டும்தான். கணக்கு எண் பக்கமே அவர் போகவில்லை. ஆனாலும் இரண்டு கணக்கு எண்களின் கடைசி ஒன்பது இலக்கங்களும் போய்விட்டன. அதோடு, இருவருடைய கணக்கு எண்ணும் இப்போது ஒன்றாகிவிட்டது. இருவரும் ஒரே கிளையில் சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியவை அந்தக் கடைசி இலக்கங்கள்தான்.

நெடுவரிசை குறுகலாக இருந்தால் 8.89E+14 என்று இன்னும் சுருங்கும். அப்படிச் சேமிக்கப்பட்டால் கிளைக் குறியீடுகூட மிஞ்சாது.

எக்செல் எச்சரிக்கவே இல்லையா? சில பதிப்புகளில் சிஎஸ்வி ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் POSSIBLE DATA LOSS என்று வரும். ஆனால் எந்த ஃபைலுக்கும் பொதுவாக வருகிற எச்சரிக்கை அது. எந்த நெடுவரிசை, எத்தனை இலக்கம் என்று சொல்லாது. தினமும் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மூன்றாம் கட்டம்: ‘சரிசெய்யும்’போது நடக்கும் பெரிய தவறு

வங்கி இணையதளம் 8.88801E+14 என்ற எண்ணைப் பெரும்பாலும் ஏற்காது. புள்ளியும் E-யும் கூட்டல் குறியும் கணக்கு எண்ணில் வராது என்பதால் பிழை காட்டும். அதுவரை நல்லதுதான்.

பிழை வந்ததும் பலரும் செய்வது என்ன? ஃபைலை மறுபடி எக்செல்லில் திறந்து, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டை ‘Number’ என்று மாற்றி, தசம இடங்களைப் பூஜ்ஜியம் ஆக்குவார்கள். E+14 மறைந்துவிடும். “அப்பாடா, சரியாயிடுச்சு!”

சரியாகவில்லை. இப்போது அங்கே இருப்பது 888801000000000.

எண்ணிப் பாருங்கள், சரியாக 15 இலக்கம். எழுத்து இல்லை, புள்ளி இல்லை. இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் இதைத் தடுக்காது. கண்ணுக்குத் தெரிந்த பிழையை, கண்ணுக்குத் தெரியாத பிழையாக மாற்றியதுதான் இந்தத் ‘திருத்தம்’.

முதல் கட்டத்தில், அதாவது சேமிப்பதற்கு முன்பு, இதே Number ஃபார்மட்டைக் கொடுத்திருந்தால் 15 இலக்கமும் முழுசாக வந்திருக்கும். சேமித்த பிறகு கொடுத்தால் போன இலக்கங்களின் இடத்தில் பூஜ்ஜியம்தான் வரும். செய்வது அதே வேலைதான், ஆனால் வரிசை மாறினால் விளைவு தலைகீழ்.

16 இலக்கம் என்றால் திறந்த உடனேயே இழப்பு

இதுவரை சொன்னது 15 இலக்கம் வரையிலான எண்களுக்கு. இந்திய வங்கிகளுக்கு ஒரே நீளம் கிடையாது. எஸ்பிஐ-க்கு 11, ஐசிஐசிஐ-க்கு 12, எச்டிஎஃப்சி-க்கு 14 என்று ஆளுக்கொரு நீளம். பஞ்சாப் நேஷனல் வங்கியின் கணக்கு எண் 16 இலக்கம்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணையும் 64 பிட் அளவுள்ள ஓர் இடத்தில் அது போட்டு வைக்கிறது. அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். அந்த அளவுக்குள் எந்த 15 இலக்க எண்ணையும் பிசகாமல் வைக்க முடியும். 16 இலக்க எண்களில் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் எக்செல் 15-ஓடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடுகிறது.

8888123456789017 என்ற எண் உள்ள ஃபைலைத் திறந்தால், உள்ளே போகும்போதே அது 8888123456789010 ஆகிவிடும். ஃபார்முலா பட்டையிலும் அப்படித்தான் இருக்கும். ஃபார்மட்டை எப்படி மாற்றினாலும் அந்த 7 திரும்பாது. 16 இலக்க டெபிட், கிரெடிட் கார்டு எண்களுக்கும் இதே கதிதான்.

இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஒன்பது பூஜ்ஜியம் வரிசையாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கடைசியில் ஒரே ஒரு பூஜ்ஜியம் இருந்தால் யாருக்கு வரும்?

முன்னால் வரும் பூஜ்ஜியம் இன்னொரு பிரச்சினை. கிளைக் குறியீட்டில் தொடங்கும் கணக்கு எண்கள் பல 0-வில் ஆரம்பிக்கும். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்பதால் எக்செல் அதை வெட்டிவிடும். 15 இலக்கம் 14 ஆகும். இதில் ஓர் ஆறுதல் உண்டு. அந்த வங்கியின் எண் எத்தனை இலக்கம் என்று தெரிந்தால், விட்டுப்போன பூஜ்ஜியத்தை மறுபடி சேர்த்துவிடலாம்.

தவறான எண்ணுக்குப் பணம் போனால் வங்கி கண்டுபிடிக்காதா?

“பேர்தான் கொடுத்திருக்கோமே, பேர் பொருந்தலைன்னா பேங்க்ல நிறுத்திட மாட்டாங்களா?” என்பது பலரின் நம்பிக்கை.

மாட்டார்கள். 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போன்ற மின்னணுப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம். பெயர் பொருந்த வேண்டும் என்ற அவசியம் இல்லை. கணக்கு எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு, பணம் அனுப்புபவருடையது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

எனவே, இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அப்படியொரு கணக்கே இல்லை என்றால் பணம் திரும்பி வரும். 888801000000000 போன்ற எண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கும். சம்பளம் தாமதமாகும், அவ்வளவுதான். மாறாக, அந்த எண்ணில் உண்மையிலேயே ஒருவர் கணக்கு வைத்திருந்தால், பணம் அவருக்குப் போய்விடும். ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறிய 16 இலக்க எண்ணில் இந்த அபாயம் அதிகம்.

பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொடுத்தால், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது இதைப் பயன்படுத்தலாம். ஆனால், காட்டும் பெயரைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது அனுப்புபவர்தான்.

பி.எஃப் ஃபைலில் மட்டும் ஏன் உடனே மாட்டிக்கொள்கிறது?

தாம்பரத்தில் இபிஎஃப்ஓ-வின் மண்டல அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிவான நிறுவனங்கள் மாதாமாதம் அனுப்பும் இசிஆர் ஃபைலிலும் நீளமான எண் உண்டு. ஒவ்வோர் ஊழியருக்கும் உள்ள யுஏஎன், 12 இலக்கம். எக்செல்லில் பட்டியலைத் தயாரித்து, சிஎஸ்வி ஆக்கி, பிறகு நோட்பேடில் காற்புள்ளிகளுக்குப் பதிலாக `#~#` என்ற குறியைப் போட்டு அனுப்புவது பல அலுவலகங்களின் வழக்கம். 12 இலக்கம் என்பதால் யுஏஎன்-னும் E+11 ஆகும்.

ஆனால், அந்த எண்ணை இபிஎஃப்ஓ தன்னிடம் உள்ள பதிவோடு ஒப்பிடுகிறது. அந்த நிறுவனத்தின் கீழ் இல்லாத யுஏஎன் வந்தால் பிழை காட்டும். கணக்காளருக்கு அப்போதே தெரிந்துவிடும். வங்கி ஃபைலில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் ஆள் இல்லை. அதனால் அந்தச் சோதனையை அனுப்புவதற்கு முன் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அனுப்புவதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் விதி: ஃபைலை எக்செல்லில் சரிபார்க்காதீர்கள், நோட்பேடில் பாருங்கள். நல்ல சிஎஸ்வி ஃபைலைக்கூட எக்செல் E+14 என்றுதான் காட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை நோட்பேட்தான் அப்படியே காட்டும். அங்கே Ctrl+F அழுத்தி `E+` என்று தேடுங்கள். ஒன்றுகூட வரக்கூடாது.

அடுத்து `0000,` என்று தேடுங்கள். காற்புள்ளிக்கு முன் நான்கு பூஜ்ஜியத்தில் முடியும் கணக்கு எண் ஒன்றிரண்டு உண்மையாகவே இருக்கலாம். வரிசையாகப் பலருக்கு வந்தால், மூன்றாம் கட்டத் தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே கணக்கு எண் இரண்டு பேருக்கு வருகிறதா என்பதும் நல்ல சோதனை. ஆனால், இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் `COUNTIF`, எழுத்தாக வைத்திருக்கும் எண்களையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு 16 இலக்க எண்களை ‘இரண்டும் ஒன்று’ என்று சொல்லிவிடும். கணக்கு எண்கள் B நெடுவரிசையில் இருந்தால், அதற்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம்:

```
=SUMPRODUCT(--(B$2:B$41=B2))
```

விடை 1 என்றால் அந்த எண் ஒருமுறைதான் இருக்கிறது. 2 அல்லது அதற்கு மேல் என்றால் நின்று பார்க்க வேண்டும். இதன்படி இரண்டும் ஒன்று என்றால், எண்ணுக்கு எண் உண்மையாகவே ஒன்றுதான்.

சரியாகத் திறப்பது எப்படி?

டபுள் கிளிக் செய்யாதீர்கள். வெற்று எக்செல் பக்கத்தைத் திறந்து, `Data` பட்டியலில் `From Text/CSV` என்பதைத் தேர்ந்தெடுத்து ஃபைலைக் காட்டுங்கள். முன்னோட்டப் பெட்டியில் `Data Type Detection` என்று ஓர் இடம் இருக்கும். அதில் `Do not detect data types` கொடுத்து `Load` அழுத்துங்கள். எல்லாமே எழுத்தாக வரும். 16 இலக்கமும் இருக்கும், முன்னால் உள்ள பூஜ்ஜியமும் இருக்கும். Column1, Column2 என்று மேலே ஒரு வரி கூடுதலாக வரலாம். அனுப்பும் ஃபைலில் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. `File`, `Options`, `Data` என்று போனால், அங்கே `Automatic Data Conversion` என்ற பகுதி இருக்கும். நீண்ட எண்களை 15 இலக்கத்தோடு வெட்டுவது, முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை நீக்குவது இரண்டுக்கும் தனித்தனி டிக் பெட்டிகள். இரண்டையும் எடுத்துவிடலாம். இந்த வசதி 2023-இல்தான் எல்லோருக்கும் வந்தது. பழைய எக்செல்லில் இருக்காது.

கூகுள் ஷீட்ஸில் `File`, `Import` வழியாகக் கொண்டுவந்து, `Convert text to numbers, dates, and formulas` என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். லிப்ரே ஆஃபிஸில் திறக்கும்போதே வரும் பெட்டியில் கணக்கு எண் நெடுவரிசையைக் கிளிக் செய்து `Text` என்று மாற்றினால் போதும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இப்படிச் சரியாகத் திறந்து, சிஎஸ்வி ஆகச் சேமித்த ஃபைலை, “ஒருமுறை பாத்துடலாம்” என்று யாராவது டபுள் கிளிக் செய்து சேமித்தால், கதை முதலில் இருந்து தொடங்கும். ‘இந்த நெடுவரிசை எழுத்து’ என்ற தகவல் சிஎஸ்வி ஃபைலில் தங்காது. ஆகவே, திருத்தும் வேலையை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் வைத்துக்கொண்டு, சிஎஸ்வி-யைக் கடைசியாக எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஏற்கெனவே சேமித்துவிட்டால்?

நோட்பேடில் E+14 தெரிந்தால், அந்த ஃபைலுக்குள் பழைய எண் எங்கேயும் ஒளிந்திருக்காது. எந்த ஃபார்முலாவாலும் அதை வரவழைக்க முடியாது. சம்பள மென்பொருளில் இருந்து புதிதாக ஃபைலை இறக்க வேண்டும். அல்லது மின்னஞ்சலில் வந்த மூல இணைப்பை மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டும். எக்செல் இன்னும் மூடப்படவில்லை, எண்கள் 15 இலக்கத்துக்கு உட்பட்டவை என்றால் மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஃபார்மட்டை Number ஆக்கி, தசமத்தைப் பூஜ்ஜியம் ஆக்கி, மறுபடி சேமிக்கலாம்.

பணமே போய்விட்டது என்றால், முதலில் பரிமாற்ற அறிக்கையில் யார் யாருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்தவர்களைவிட, திரும்பி வராத, ஆனால் ஊழியருக்கும் போய்ச் சேராத தொகைதான் அவசரம். அந்தப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணோடு உங்கள் வங்கிக் கிளைக்கு அன்றே எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்.

ஊழியராக இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. சம்பளம் வராமல், அதே கிளையில் கணக்குள்ள சக ஊழியருக்கும் வரவில்லை என்றால், “சார், அப்லோடு பண்ண ஃபைல்ல என் அக்கவுன்ட் நம்பர் கடைசி அஞ்சு இலக்கம் என்னன்னு நோட்பேட்ல பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பதில் ‘00000’ என்று வந்தால், பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும்.